ஒவ்வொரு வரிசையிலும் அதிக மதிப்பு எந்த மாதத்தில் இருக்கிறதோ அந்த மாதத்தின் பெயரை எக்செலில் வரவழைப்பது

கேள்வி: ஜவுளிக் கடைக் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறேன். ஒரு சரக்குக்கு ஒரு வரிசை. ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாத விற்பனை பக்கவாட்டில் இருக்கிறது. எந்த மாதம் அதிகம் விற்றது என்று கடைசியில் மாதப் பெயர் தானாக வரவேண்டும். MAX போட்டால் எண்ணிக்கைதான் வருகிறது, மாதம் வரவில்லை. HLOOKUP போட்டால் #N/A என்று வருகிறது. என்ன செய்வது?

பதில்:

HLOOKUP ஏன் #N/A காட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை எளிதாகிவிடும். அது தேட வேண்டிய மதிப்பை நீங்கள் கொடுத்த பகுதியின் முதல் வரிசையில் மட்டுமே தேடும். கிடைத்தால் அதற்குக் கீழே உள்ள ஏதேனும் ஒரு வரிசையிலிருந்து விடையை எடுத்துத் தரும். உங்கள் அட்டவணையில் முதல் வரிசையில் இருப்பவை மாதப் பெயர்கள். விற்பனை எண்ணைக் கொண்டுபோய் மாதப் பெயர்களுக்கு நடுவே தேடச் சொன்னால் அது கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான பயணம்: கீழே இருக்கும் எண்ணைக் கண்டுபிடித்து, மேலே இருக்கும் தலைப்பை எடுக்க வேண்டும்.

இந்தப் பயணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வரிசையின் மிகப் பெரிய எண் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. தலைப்பு வரிசையில் அதே இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு MATCH விடை சொல்லும், இரண்டாவதற்கு INDEX விடை சொல்லும். நீங்கள் ஏற்கெனவே போட்ட MAX வீணாகவில்லை. எதைத் தேட வேண்டும் என்று MATCH-க்குச் சொல்வது அதுதான்.

உங்கள் தாள் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாததால், ஒரு மாதிரியை வைத்துக்கொள்கிறேன். A1-இல் ‘சரக்கு’, B1 முதல் M1 வரை ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை மாதங்கள், N1-இல் ‘மொத்தம்’, O1-இல் ‘சிறந்த மாதம்’. இரண்டாம் வரிசையில் வேட்டி. அதன் பன்னிரண்டு மாத விற்பனை, ஏப்ரலிலிருந்து வரிசையாக, 210, 185, 160, 140, 175, 190, 420, 260, 230, 395, 180, 170. இவை விளக்கத்துக்காக நான் எழுதிக்கொண்ட எண்கள். O2-இல் இடவேண்டிய சூத்திரம் இது:

```
=INDEX($B$1:$M$1,MATCH(MAX(B2:M2),B2:M2,0))
```

உள்ளிருந்து வெளியே படித்துப் பாருங்கள். MAX(B2:M2) என்பது 420 என்று தரும். MATCH அந்த 420-ஐ B2:M2 என்ற பகுதியில் இடமிருந்து வலமாகத் தேடி, ஏழாவது இடத்தில் இருப்பதைக் கண்டு 7 என்று தரும். INDEX தலைப்பு வரிசையில் ஏழாவது செல்லை எடுக்கும். ஏப்ரலிலிருந்து எண்ணினால் ஏழாவது அக்டோபர். விடை ‘அக்டோபர்’.

இந்த 7 என்பது மாத எண் அன்று, இட எண் என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். INDEX-ஐ விட்டுவிட்டு, MATCH தந்த எண்ணையே மாதமாக மாற்றிக்கொள்ளும் குறுக்குவழியைச் சிலர் கையாள்வதுண்டு. ஜனவரியில் தொடங்கும் தாளில் அது தற்செயலாகச் சரியாக இருக்கும். ஏப்ரலில் தொடங்கும் நம் நிதியாண்டுக் கணக்கில் அக்டோபர் தீபாவளி விற்பனை ஜூலைக்குப் போய்விடும். தலைப்பையே எடுத்துத் தரும் சூத்திரத்துக்கு ஆண்டு எந்த மாதத்தில் தொடங்குகிறது என்ற கவலையே கிடையாது. தலைப்புகள் மாதங்களாக இல்லாமல் கிளைகளாகவோ விற்பனையாளர்களாகவோ இருந்தாலும் அது அப்படியே வேலை செய்யும்.

அடுத்தது டாலர் குறிகள். தலைப்பு வரிசை எல்லாச் சரக்குக்கும் ஒன்றே என்பதால் $B$1:$M$1 என்று கட்டி வைத்திருக்கிறோம். விற்பனை ஒவ்வொரு வரிசைக்கும் மாறும் என்பதால் B2:M2-ஐக் கட்டாமல் விட்டிருக்கிறோம். டாலர் குறியின்றி எழுதிக் கீழே இழுத்தால், O3-இல் தலைப்புப் பகுதி B2:M2 என்று நகர்ந்துவிடும். மாதப் பெயர் வரவேண்டிய இடத்தில் மேல் வரிசையின் ஒரு விற்பனை எண் வந்து நிற்கும். முதல் செல்லில் மாதமும் அதற்குக் கீழே எண்களும் தெரிந்தால் காரணம் இதுவே. கண்ணுக்கு உடனே தெரியும் பிழை என்பதால் இதனால் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்தானவை, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் ஒரு மாதப் பெயரையே தப்பாகக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும் பிழைகள். அவற்றில் முதலாவது, MATCH-இன் கடைசியில் உள்ள அந்தச் சுழியம். ‘சரியாகப் பொருந்துவதை மட்டும் தேடு’ என்பது அதன் பொருள். அதை எழுதாமல் விட்டால் எக்செல் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்று நம்பி, ஒவ்வொன்றாகப் பார்க்காமல் நடுவில் தொட்டுப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போகும். வேட்டி வரிசையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். நடுவே ஆறாவது இடத்தில் 190. தேடுவது 420, எனவே ‘வலப்பக்கம் போ’. அங்கே ஒன்பதாவது இடத்தில் 230, மீண்டும் வலப்பக்கம். பதினொன்றாவதில் 180, மீண்டும் வலப்பக்கம். இப்படிப் பன்னிரண்டாவது இடத்தில் போய் முட்டி, ‘மார்ச்’ என்று சொல்லிவிடும். மார்ச்சில் விற்றது 170 வேட்டி. நாம் தேடுவது வரிசையின் மிகப் பெரிய எண் என்பதால், வழியில் அந்த எண்ணின் மேலேயே இடறினாலொழிய, ஒவ்வொரு ஒப்பீடும் அதை வலப்பக்கமே தள்ளும். ஆகவே பல சரக்குகளுக்குக் கடைசி மாதமே சிறந்த மாதம் என்று வந்தால், மகிழ்வதற்கு முன் அந்தச் சுழியம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, இரண்டு பகுதிகளும் ஒரே நெடுவரிசையில் தொடங்காமல் போவது. தலைப்பு என்றால் A1-இலிருந்துதானே என்ற நினைப்பில் INDEX-க்கு $A$1:$M$1 என்று கொடுத்துவிட்டு, MATCH-க்கு B2:M2 என்று கொடுத்தால், ஏழாவது தலைப்பு G1 ஆகிவிடும். அதில் இருப்பது செப்டம்பர். எல்லா விடைகளும் ஒரு மாதம் முன்னே நகர்ந்து நிற்கும், ஒன்றுகூடப் பிழையாகத் தோற்றமளிக்காது. நான் இந்தப் பிழையை ஒரு மொத்த வியாபாரியின் ஆண்டுக் கணக்கில் செய்திருக்கிறேன். ஒரு சரக்குக்குச் சிறந்த மாதம் ‘சரக்கு’ என்று வந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தச் சரக்கு ஏப்ரலில் அதிகம் விற்றிருந்ததால் முதல் தலைப்பான A1 விடையாக வந்திருந்தது. அப்படி ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் கொள்முதல் தேதிகளே ஒரு மாதம் முன்னால் நகர்ந்திருக்கும். எழுதி முடித்ததும் சூத்திரத்தில் வரும் மூன்று பகுதிகளும் B-இல் தொடங்கி M-இல் முடிகின்றனவா என்று ஒரு முறை பார்ப்பது போதும்.

M-இல் முடிய வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து நிற்பது மொத்தம். வேட்டியின் மொத்தம் 2715. அது எந்த மாதத்தையும் விடப் பெரியது. மூன்று பகுதிகளையும் N வரை நீட்டிவிட்டால் எல்லாச் சரக்குக்கும் சிறந்த மாதம் ‘மொத்தம்’ என்றே வரும். விற்பனைப் பகுதியை மட்டும் நீட்டித் தலைப்புப் பகுதியை M-இலேயே விட்டால், பன்னிரண்டு செல் உள்ள தலைப்பில் பதின்மூன்றாவதைக் கேட்டதாகி #REF! வரும். இரண்டுமே வாய்விட்டுச் சொல்லும் பிழைகள். காலாண்டுக் கூட்டுத்தொகைகளை ஜூனுக்குப் பிறகு ஒன்று, செப்டம்பருக்குப் பிறகு ஒன்று என்று இடையிடையே செருகி வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மட்டும் இந்தச் சூத்திரம் அப்படியே உதவாது. அந்தக் கூட்டுத்தொகைகளை வலப்பக்கத்துக்கு நகர்த்திவிடுவதே சூத்திரத்தை வளைப்பதைவிட நல்லது. இன்னொன்று, மறைத்து வைத்த நெடுவரிசைகளையும் MAX கணக்கில் எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மாதம் விடையாக வந்தால் வியக்க வேண்டாம்.

மூன்றாவது அமைதியான பிழை எல்லாவற்றிலும் மோசமானது, ஏனென்றால் அது சூத்திரத்தில் இல்லை, தரவில் இருக்கிறது. நான்காம் வரிசையில் போர்வை இருப்பதாக வைத்துக்கொள்வோம்: நவம்பரில் 120, டிசம்பரில் 145, ஜனவரியில் 110, மற்ற மாதங்களில் அதற்கும் குறைவு. மார்கழிக் குளிரில் போர்வை விற்பது இயல்புதான். விடை டிசம்பர் என்று வரவேண்டும். ஆனால் நவம்பர் என்று வருகிறது. டிசம்பர் விற்பனையை வேறொரு பில்லிங் மென்பொருளிலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது, 145 என்பது எண்ணாக அன்றி எழுத்தாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பகுதியைக் கொடுத்தால் MAX அதிலுள்ள எண்களை மட்டுமே பார்க்கும்; எழுத்தாக இருப்பதைச் சொல்லாமலே தாண்டிப் போய்விடும். எனவே 120-தான் பெரியது என்று அது முடிவுசெய்கிறது. SUM-உம் அப்படியே தாண்டுவதால் மொத்தத்திலும் 145 குறையும். மொத்தம் ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்ற புகாரும் சிறந்த மாதம் தப்பாக வருகிறது என்ற புகாரும் பெரும்பாலும் ஒரே செல்லிலிருந்து கிளம்புபவை.

இதைக் கண்டுபிடிக்கக் கண்ணை நம்ப வேண்டாம். எண் வலப்பக்கம் ஒட்டியும் எழுத்து இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்திவிட்டால் அந்த அடையாளமும் போய்விடும். பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில், எடுத்துக்காட்டாக Q2-இல், இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTA(B2:M2)-COUNT(B2:M2)
```

COUNTA காலியாக இல்லாத எல்லாச் செல்களையும் எண்ணும், COUNT எண்களை மட்டும் எண்ணும். வித்தியாசம் 0 என்றால் அந்த வரிசை சுத்தம். 1 என்றால் எங்கோ ஒரு செல் எண்ணைப் போல வேடமிட்டு நிற்கிறது. சரிசெய்ய, அந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, Data பட்டியில் Text to Columns என்பதைத் திறந்து, எதையும் மாற்றாமல் Finish அழுத்தினால், எழுத்தாக இருந்தவை எண்ணாகிவிடும். ஒரு முறைக்கு ஒரு நெடுவரிசையைத்தான் அது ஏற்கும். அதற்கும் மசியாவிட்டால், எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை இடைவெளி ஒட்டியிருக்கலாம். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த தரவில் இது அடிக்கடி வரும். Ctrl+H அழுத்தி, தேடும் பெட்டியில் Alt விசையைப் பிடித்துக்கொண்டு விசைப்பலகையின் வலப்பக்க எண் தொகுதியில் 0160 என்று தட்டி, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

இனிக் காலி வரிசைகள். புதிதாக வாங்கத் தொடங்கிய, இன்னும் ஒன்றுகூட விற்காத சரக்கின் வரிசை முழுவதும் காலியாக இருக்கும். எண் எதுவுமே இல்லாத பகுதிக்கு MAX தரும் விடை 0. MATCH அந்த 0-ஐத் தேடும். காலிச் செல்லை அது 0-ஆகக் கருதாது. எனவே #N/A வரும். இதைவிடத் தொல்லையானது, பில்லிங் மென்பொருள் காலியாக விடாமல் எல்லா மாதத்துக்கும் 0 என்று நிரப்பித் தருவது. அப்போது முதல் 0 இருக்கும் இடம் ஏப்ரல் என்பதால், ஒரு லுங்கிகூட விற்காத சரக்குக்கு ‘ஏப்ரல்’ சிறந்த மாதம் என்று வந்துவிடும். இரண்டையும் ஒரே நிபந்தனையில் அடக்கலாம்:

```
=IF(MAX(B2:M2)>0,INDEX($B$1:$M$1,MATCH(MAX(B2:M2),B2:M2,0)),"")
```

விற்பனை எண்ணிக்கைக்கு இது பொருத்தம். ஆனால் தாளில் இருப்பது லாப நட்டம் என்றால், எல்லா மாதமும் நட்டமாக இருந்த ஒரு சரக்குக்கும் குறைந்த நட்டம் வந்த மாதம் எது என்று நீங்கள் அறிய விரும்பக்கூடும். அங்கே MAX(B2:M2)>0 என்பதற்குப் பதிலாக COUNT(B2:M2)>0 என்று எழுதுங்கள். #N/A-ஐ மறைக்கப் பலரும் முழுச் சூத்திரத்தையும் IFERROR-க்குள் போட்டுவிடுவார்கள். நான் அதைத் தவிர்க்கிறேன். அது காலி வரிசையை மட்டுமல்லாமல், மேலே சொன்ன #REF!-ஐயும், விற்பனைச் செல் ஒன்றில் ஏற்கெனவே இருக்கும் #DIV/0!-ஐயும் சேர்த்து மூடி மறைத்துவிடும்.

அடுத்து, இரண்டு மாதங்கள் சமமாக இருந்தால் என்ன ஆகும் என்பது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பன்னிரண்டு மாதங்களில் சிறிய முழு எண்கள் இருக்கும்போது இது அடிக்கடி நேரும். மூன்றாம் வரிசையில் துண்டு: மே மாதத்தில் 340, ஜனவரியிலும் 340, மற்றவை குறைவு. MATCH முதலில் கண்டதோடு நின்றுவிடுவதால் விடை ‘மே’ என்று மட்டும் வரும். பொங்கலுக்காக ஜனவரியில் விற்ற 340 துண்டுகள் அறிக்கையில் எங்கும் தெரியாது. எந்த வரிசையில் இப்படிச் சமநிலை இருக்கிறது என்று அறிய, எந்தப் பழைய எக்செலிலும் இயங்கும் ஒரு சிறு சோதனை போதும்:

```
=COUNTIF(B3:M3,MAX(B3:M3))
```

1-க்கு மேல் வந்தால் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட சிறந்த மாதங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே செல்லில் வரவழைக்க, எக்செல் 2021 அல்லது 365 இருந்தால் இப்படி எழுதலாம்:

```
=IF(MAX(B3:M3)>0,TEXTJOIN(", ",TRUE,FILTER($B$1:$M$1,B3:M3=MAX(B3:M3))),"")
```

B3:M3=MAX(B3:M3) என்ற ஒப்பீடு பன்னிரண்டு செல்லுக்கும் ஆம், இல்லை என்று விடை சொல்லும்; FILTER ‘ஆம்’ வந்த இடங்களின் தலைப்புகளை மட்டும் எடுக்கும்; TEXTJOIN அவற்றைக் காற்புள்ளியிட்டுச் சேர்க்கும். விடை ‘மே, ஜனவரி’. எக்செல் 2019-இல் TEXTJOIN உண்டு, FILTER கிடையாது; அங்கே FILTER பகுதிக்குப் பதிலாக IF(B3:M3=MAX(B3:M3),$B$1:$M$1,"") என்று எழுதி, Enter மட்டும் தட்டாமல் Ctrl+Shift+Enter தட்ட வேண்டும்.

இந்தச் சூத்திரத்தின் முன்னால் MAX நிபந்தனை ஏன் கட்டாயம் என்பதற்கு நுட்பமான ஒரு காரணம் உண்டு. காலிச் செல்லை MATCH 0-ஆகக் கருதாது என்று மேலே சொன்னேன்; ஆனால் = குறியால் ஒப்பிட்டால் எக்செல் காலிச் செல்லை 0-க்குச் சமம் என்றே சொல்லும். எனவே நிபந்தனை இல்லாவிட்டால், ஒன்றுமே விற்காத சரக்குக்குப் பன்னிரண்டு மாதங்களும் சிறந்த மாதங்களாக வரிசைகட்டி வரும். ஒரே மென்பொருளுக்குள் இரண்டு விதமான நியாயம் என்று தோன்றினாலும், அது அப்படித்தான்.

சமநிலை வந்தால் கடைசி மாதம் போதும் என்பவர்களுக்குப் பழைய பதிப்புகளிலும் வேலை செய்யும் வழி ஒன்று இருக்கிறது:

```
=LOOKUP(2,1/(B3:M3=MAX(B3:M3)),$B$1:$M$1)
```

ஒப்பீடு ‘ஆம்’ என்றால் 1/1, அதாவது 1. ‘இல்லை’ என்றால் 1/0, அதாவது பிழை. LOOKUP பிழைகளை ஒதுக்கிவிட்டு 2-ஐத் தேடும். 2 எங்கும் இல்லாததால், அதைத் தாண்டாத கடைசி எண்ணில், அதாவது கடைசி 1-இல், போய் நிற்கும். துண்டுக்கு ‘ஜனவரி’ வரும். முன்பு MATCH-ஐத் தவறான மாதத்துக்கு இழுத்துச் சென்ற அதே ‘வலப்பக்கம் போ’ பழக்கத்தை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்கிறோம். XLOOKUP இருக்கும் பதிப்பில் இதையே தெளிவாக எழுதலாம். கடைசியில் உள்ள -1 பின்னாலிருந்து தேடச் சொல்கிறது:

```
=XLOOKUP(MAX(B3:M3),B3:M3,$B$1:$M$1,"",0,-1)
```

அந்தக் கடைசி மூன்றையும் விட்டுவிட்டால் XLOOKUP முன்னாலிருந்து, சரியான பொருத்தத்தையே தேடும்; INDEX, MATCH இரண்டின் வேலையையும் அது ஒன்றே செய்துவிடும். தேடும் பகுதியும் தலைப்புப் பகுதியும் ஒரே அகலத்தில் இல்லாவிட்டால் #VALUE! என்று சொல்லிவிடுவதால், A1-இலிருந்து தொடங்கிய என் பழைய தவறு அதில் நடந்திருக்காது. உங்களிடம் அது இருந்தால் அதையே பரிந்துரைப்பேன். தாளைப் பழைய எக்செல் வைத்திருக்கும் ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும் என்றால் INDEX, MATCH-ஏ பாதுகாப்பு.

விற்பனை எண்ணிக்கைக்குப் பதில் தொகைகளை வைத்திருப்பவர்கள் சமநிலையில் இன்னொரு வேடிக்கையைக் காண்பார்கள். இரண்டு மாதங்களும் 12,500 என்று திரையில் தெரியும், ஆனால் ஒரு மாதம் மட்டும் விடையாக வரும். COUNTIF-உம் 1 என்றே சொல்லும். ஒன்றில் உள்ளே 12,500.30 இருக்கும், பைசாவைத் திரை காட்டாது. பைசாவை ஒதுக்க வேண்டும் என்றால் விற்பனைச் செல்களிலேயே ROUND செய்துவிடுங்கள்.

கடைசியாகத் தலைப்புகளைப் பற்றி. அவற்றை ‘அக்டோபர்’ என்று எழுத்தாகத் தட்டியிருந்தால் சிக்கல் இல்லை. தேதியாக வைத்திருந்தால், விடைச் செல்லில் அக்டோபருக்குப் பதிலாக 45566 போன்ற ஓர் எண் தெரியக்கூடும். அது பிழையன்று; 2024 அக்டோபர் 1-ஐ எக்செல் உள்ளே வைத்திருக்கும் எண் அது. O நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, Ctrl+1 அழுத்தி, Custom என்பதில் mmm-yy என்று கொடுத்தால் மாதமாகத் தெரியும். தமிழில் மாதப் பெயர் வேண்டும் என்றால் அதே இடத்தில் [$-449]mmmm என்று கொடுங்கள். சூத்திரத்தையே TEXT-க்குள் போட்டும் இதைச் செய்யலாம். ஆனால் அப்போது விடை வெறும் எழுத்தாகிவிடுவதால், பின்னர் சிறந்த மாதத்தின்படி வரிசைப்படுத்தினால் காலவரிசைக்குப் பதிலாக எழுத்துவரிசையே கிடைக்கும். தலைப்பைத் தட்டும்போதும் ஒரு கவனம் தேவை: Oct-24 என்று தட்டினால் எக்செல் அதை நடப்பு ஆண்டின் அக்டோபர் 24-ஆம் நாள் என்று எடுத்துக்கொள்ளும். Oct-2024 என்று ஆண்டை முழுமையாகத் தட்டினால்தான் அக்டோபர் 1 ஆகும்.

எல்லாம் முடிந்ததும் விடைகளைச் சூத்திரத்தின் வாக்கை மட்டும் நம்பி ஏற்க வேண்டாம். B2-இலிருந்து கடைசிச் சரக்கின் M நெடுவரிசை வரை தேர்ந்தெடுத்து, Conditional Formatting பட்டியலில் New Rule, அதில் Use a formula to determine which cells to format என்பதைத் தேர்ந்து, இதைக் கொடுத்து ஒரு நிறம் பூசுங்கள்:

```
=AND(ISNUMBER(B2),B2=MAX($B2:$M2))
```

இங்கே டாலர் குறி எழுத்துக்கு முன்னால் மட்டும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நெடுவரிசை நகரக் கூடாது, வரிசை நகர வேண்டும். ISNUMBER இருப்பது காலி வரிசைகள் முழுவதும் நிறமாகிவிடாமல் தடுக்க. இப்போது ஒவ்வொரு வரிசையிலும் நிறம் பூசிய செல்லிலிருந்து நேரே மேலே தலைப்பைப் பார்த்து, O நெடுவரிசையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் பகுதிகள் நகர்ந்திருக்கின்றன அல்லது MATCH-இல் சுழியம் இல்லை. ஒரு வரிசையில் இரண்டு செல்கள் நிறமாக இருந்தால் சமநிலை. நிறம் பூசிய செல்லைவிடப் பெரிய எண் ஒன்று அதே வரிசையில் நிறமின்றி நின்றால், அதுதான் போர்வையின் 145.